புதிய தலைவரை அறிமுகப்படுத்துவதும் பதவியைக் கையளிப்பதும்: வன்னியின் றோட்டரி, லயன்ஸ் கழகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பதவியை விட்டுப் போகிற தலைவர். புதியவரை அறிமுகப்படுத்தும்படி என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது?

மூன்று நிமிடம் போதும். எழுதி வைத்து வாசித்தால் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஒரு பக்கத்தில் அவர் செய்த ஒரேயொரு காரியம் முழுக்கதையாக வர வேண்டும். படிப்பு, தொழில், கழகத்தில் வகித்த பதவிகள் எல்லாம் இரண்டு மூன்று வரியில் அடங்கிவிடும். பெயர் கடைசியாக வர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வழக்கம் இதற்கு நேர்மாறானது. புதியவரிடம் ஒரு வாரத்துக்கு முன் "உங்கட விபரத்தை ஒருக்கா அனுப்புங்கோ" என்று கேட்போம். அவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் மாதிரி இரண்டு பக்கம் அனுப்புவார். அதை அப்படியே மேடையில் வாசிப்போம். பிறந்த இடம், ஆரம்பக் கல்வி, உயர்கல்வி, வகித்த 11 பதவிகள், பெற்ற விருதுகள். சபை அதற்குள் கைப்பேசியை எடுத்துவிடும். அந்த விபரம் நிகழ்ச்சி மலரில் அச்சாகியிருக்கிறதென்றால் அங்கேயே இருக்கட்டும். மலரில் இல்லாத, நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லத்தான் உங்களை மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் பக்கத்தில் இருந்து வேலை வாங்கியவர் நீங்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது வந்திருக்கும் விருந்தினர் எவருக்கும் தெரியாது.

ஒரு மாதிரி தர முடியுமா? கதையாகச் சொல்வது என்றால் எப்படி என்று விளங்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு லயன்ஸ் கழகத்தில் கேட்டதை, ஆள் யாரென்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றித் தருகிறேன். விடைபெற்ற தலைவர் ஓர் அரிசி ஆலைக்காரர். புதியவர் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்.

"போன ஆவணியில் நாங்கள் கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். கண்ணாடி தேவை என்று 62 பேரைப் பதிந்தோம். மூன்று கிழமை கழித்துக் கண்ணாடிகள் வந்தன. 48 பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் 14 கண்ணாடியும் என்ர ஆலையில் லாச்சிக்குள் கிடந்தது. உண்மையைச் சொன்னால், நான் அதை மறந்துபோனன். ஐப்பசி மழை தொடங்கின நேரம் எங்கட அங்கத்தவர் ஒருவர் வந்து, அந்தப் பெட்டியைத் தாங்கோ என்று கேட்டார். பட்டியலையும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போனார். 11 பேருக்கு வீட்டு வாசலில் கண்ணாடி கிடைத்தது. இரண்டு பேர் இடம் மாறிப் போய்விட்டார்கள். ஓர் அம்மா இறந்துவிட்டார். அந்தக் கண்ணாடிகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இதைப் பதிவில் எழுதுங்கோ தலைவர் என்றார். நான் எழுதினேன்.

"28 வருடம் இந்த மண்ணில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவர். இங்கே உட்கார்ந்திருக்கிற இளம் பிள்ளைகள் சிலரை முதன்முதல் தூக்கியது அவரின் கைதான். கழகத்தில் ஆறு வருடம், அதில் இரண்டு வருடம் செயலாளர். இந்த வருடம் எங்கள் தலைவர், லயன் இன்னார்."

இவ்வளவுதான். நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் "நேர்மையானவர்", "அர்ப்பணிப்பானவர்", "பன்முக ஆளுமை" என்று எதுவும் கிடையாது. திருப்பிக் கொண்டுவந்த மூன்று கண்ணாடி அதைச் சொல்லிவிட்டது. பேசியவர் தன்னுடைய மறதியையும் மறைக்கவில்லை. "நான் விட்டதை இவர் எடுத்தார்" என்று சபை முன் சொல்லிவிட்டதால், தலைவரின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன்பே அவர் பாதி கையளித்துவிட்டார். அன்றைக்கு மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. பெயர் சொன்ன பிறகுதான் கை தட்டினார்கள்.

கடைசியில் பெயரை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெயரை முதலில் சொன்னால் அப்போதே ஒருமுறை கை தட்டுவார்கள். பிறகு அவர் எழும்பி வரும்போது தட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இப்படி ஒரு கதை உங்களுக்கு நினைவில் வரவில்லை என்றால் செயலாளரிடம் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். யார் எந்த வேலையை ஏற்றார், அடுத்த கூட்டத்தில் அது முடிந்ததா என்று அதில் இருக்கும். நான் எழுதிய அறிமுகங்களில் பாதிக்கு மேல் அந்தப் புத்தகத்திலிருந்து பிறந்தவை.

எங்கள் புதிய தலைவர் போரில் நிறைய இழந்தவர். அதைச் சொன்னால் அறிமுகம் கனமாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லலாமா?

அவரிடம் தனியாகக் கேளுங்கள். மனைவியிடமோ தம்பியிடமோ கேட்டு எழுதிவிட்டு மேடையில் ஆச்சரியம் கொடுக்காதீர்கள். வன்னியில் 50 வயது தாண்டிய எவருடைய வாழ்க்கையை எழுதினாலும் இடப்பெயர்வு அதற்குள் வரும். அதைச் சபைக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. "2009இல் மெனிக் பாமில் இருந்தபோது பிள்ளைகளைச் சேர்த்து வகுப்பு நடத்தினார்" என்றால் போதும். செட்டிகுளத்தில் எந்த வெயிலில் எந்தக் கூடாரத்தில் என்பது கேட்கிறவர்களுக்கே தெரியும். அவர் அங்கே என்ன செய்தார் என்பது அறிமுகத்துக்கு உரியது. அவருக்கு என்ன நடந்தது என்பது அவர் சொல்ல விரும்பினால் ஏற்புரையில் அவரே சொல்வார்.

ஒரு சொல்லில் மிகவும் கவனம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரை "அமரர்" என்றோ "காலஞ்சென்ற" என்றோ எழுதிவிடாதீர்கள். ஓர் அறிமுகத்தில் இது நடந்தது. புதிய தலைவரின் கணவர் பெயருக்கு முன் "அமரர்" என்று யாரோ தட்டச்சில் சேர்த்துவிட்டார்கள், தொகுப்பாளரும் வாசித்துவிட்டார். அவர் இன்னும் கணவரைத் தேடிக்கொண்டிருக்கிறவர். மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏற்புரைக்கு எழுதிவைத்திருந்த தாளை விரிக்கவேயில்லை, இரண்டு வரி நன்றி சொல்லிவிட்டு அமர்ந்தார். குடும்பத்தவர் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும் அவரிடமே காட்டி, அவர் வாயாலேயே சரி சொல்ல வைத்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று நிகழ்ச்சி ஒழுங்கு பற்றியது. விளக்கேற்றல், கழகப் பிரார்த்தனை, பிறகு உயிர்நீத்தவர்களுக்கு ஒரு நிமிட அகவணக்கம் என்று போவது வழக்கம். அகவணக்கம் முடிந்த கையோடு அறிமுகத்தை வைக்காதீர்கள். சபை வேறொரு இடத்தில் இருக்கும். இடையில் வரவேற்புரையும் செயலாளரின் ஆண்டறிக்கையும் வந்துவிட்டால் மனம் திரும்பி வரும்.

சங்கிலி, சுத்தியல், மணி, சட்டையில் குத்தும் பின் எல்லாம் எந்த ஒழுங்கில் கைமாறும்? ஒவ்வொரு வருடமும் மேடையில் குழப்பம்தான்.

றோட்டரிக்கும் லயன்ஸுக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. லயன்ஸில் பதவியேற்பு அதிகாரி என்று ஒருவர் வருவார். அநேகமாக மாவட்ட ஆளுநராகவோ முன்னாள் ஆளுநராகவோ இருப்பார். பணிப்பாளர் சபையிலிருந்து தொடங்கி, பொருளாளர், செயலாளர், உபதலைவர்கள் என்று மேலே போய், தலைவரைக் கடைசியாக உறுதிமொழி எடுக்க வைப்பார். ஆகவே தலைவரின் அறிமுகம் அந்த இடத்தில்தான் வர வேண்டும். தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்திவிட்டு, அரை மணித்தியாலம் மற்றவர்கள் உறுதிமொழி எடுக்கும்வரை அவரைச் சும்மா உட்கார வைத்தால் சொன்னதெல்லாம் ஆறிவிடும். றோட்டரியில் பெரும்பாலும் முந்திய தலைவரே சங்கிலியை நேரடியாகப் புதியவருக்கு அணிவிப்பார்.

இரண்டுக்கும் பொதுவாக நான் செய்விப்பது இப்படி. பெயர் சொன்னதும் புதியவர் எழுந்து மேடை நடுவுக்கு வருவார். விடைபெறுகிறவர் அதற்குள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்திருக்க வேண்டும். புதியவர் வந்து நின்ற பிறகு கழற்றத் தொடங்கினால், மூக்குக் கண்ணாடியில் மாட்டும், சட்டைக் கொலரில் மாட்டும், படம் அத்தனையும் கெட்டுப்போகும். உறுதிமொழி முடிந்ததும் சங்கிலியை அணிவிப்பார். புதியவர் பூ வைத்துக் கொண்டை போட்ட பெண்ணாக இருந்தால் சங்கிலியின் பின்பக்கக் கொக்கியைத் திறந்து முன்னாலிருந்து போட்டுப் பின்னால் பூட்டுவதுதான் வசதி. அதைப் பூட்ட ஒரு பெண் அங்கத்தவரை முன்கூட்டியே பக்கத்தில் நிறுத்துங்கள். பிறகு மரச்சுத்தியலைக் கையில் கொடுப்பார். படம் எடுக்கிறவருக்காக மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும்.

பிறகு கதிரை மாற்றம். நடுக் கதிரையிலிருந்து பக்கத்துக் கதிரைக்கு விடைபெற்றவர் தானாகவே போய் நின்று, புதியவரை நடுவில் உட்காரச் சொல்லிக் கை காட்ட வேண்டும். சபைக்கு உண்மையில் விளங்குவது இதுதான். சங்கிலி பின்வரிசைக்குத் தெரியாது, கதிரை தெரியும். நடுக் கதிரையை விட மறந்து கூட்டம் முடியும்வரை அதிலேயே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பாவம், வேண்டுமென்று செய்யவில்லை, ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

புதியவரின் முதல் வேலை முன்னாள் தலைவருக்கான பின்னைக் குத்திவிடுவது. ஆணும் பெண்ணுமாக இருந்தால் எங்கள் ஊர்களில் கொஞ்சம் கூச்சம் இருக்கும். காந்தப் பின் வாங்கினால் சட்டையைத் துளைக்க வேண்டியதில்லை. அல்லது பெட்டியோடு கொடுத்துவிட்டு, விடைபெறுகிறவரின் துணைவரை மேடைக்கு அழைத்துக் குத்தச் சொல்லலாம். வீட்டில் ஒரு வருடம் பொறுத்துக்கொண்டவருக்கு அது நல்ல மரியாதை. மணியைத் தொடக்கத்தில் பழைய தலைவர் அடிப்பார். கூட்ட முடிவில் புதியவர் அடிப்பார்.

விடைபெறும் தலைவர் கையளிக்கும்போது என்ன சொல்வது நல்லது? "இவ்வளவும் நான் செய்தேன்" என்று ஒரு பட்டியல் வாசிக்கலாமா?

செய்ததைச் செயலாளரின் ஆண்டறிக்கை சொல்லிவிடும். நீங்கள் முடிக்காததைச் சொல்லுங்கள். "மூன்று பாடசாலைக்குக் குடிநீர்த் தாங்கி வைப்பதாகச் சொன்னோம். இரண்டு முடிந்தது. மூன்றாவதுக்கு அத்திவாரம் போட்டாச்சு, மிச்சக் காசு கணக்கில் இருக்கிறது" என்று நான்கு வரி. இதை ஒளித்து வைத்துவிட்டுப் போனால் ஆடி முடிவில் அந்தப் பாடசாலை அதிபர் புதிய தலைவரிடம் வந்து கேட்பார். அவர் திணறுவார். பிறகு "பழைய ஆக்கள் செய்யேல்ல" என்ற கதை தொடங்கும். மேடையில் நீங்களே சொல்லிவிட்டால் அது குறையாக எண்ணப்படாது, கணக்காக எண்ணப்படும்.

மூன்று விதமான பேச்சைத் தவிர்க்கச் சொல்வேன். முதலாவது, புதியவர் சார்பில் வாக்குக் கொடுப்பது. "இவர் இந்த வருடம் நூறு வீட்டுக்கு மலசலகூடம் கட்டித் தருவார்" என்று நீங்கள் சொன்னால், அடுத்த நாள் கிராம சேவையாளர் பெயர்ப் பட்டியலோடு அவர் வாசலில் நிற்பார். இரண்டாவது, தேர்தலைத் தொட்டு வரும் பகிடி. போட்டி இருந்திருந்தால் தோற்றவரும் அந்தச் சபையில்தான் இருக்கிறார். மூன்றாவது, "நான் எப்பவும் பின்னால் நிற்பன், எதென்றாலும் கேளுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. கேட்க நல்ல வார்த்தைதான், ஆனால் மூன்றாம் முறை சொல்லும்போது கடிவாளம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்றுதான் சபை விளங்கிக்கொள்ளும்.

காசோலைப் புத்தகம், பதிவேடுகள், களஞ்சியத் திறப்பு இவற்றை மேடையில் கொடுக்க வேண்டாம். வங்கியில் கையொப்பம் மாற்றக் கூட்டத் தீர்மானத்தின் பிரதி கேட்பார்கள், அதற்கும் நாளெடுக்கும். ஜூன் மாதக் கூட்டத்திலேயே தீர்மானத்தை எழுதிவிடுங்கள்.

பழையவரும் புதியவரும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. என்ன செய்வது?

அறிமுகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இருவருக்கும் மூத்த, கழகத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் பொருத்தம். புதியவரைக் கழகத்துக்குக் கூட்டிவந்தவர் இருந்தால் இன்னும் நல்லது. விடைபெறுகிறவரிடம் இரண்டு வாக்கியம் மட்டும் கேளுங்கள்: "என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் நன்றி. இந்தப் பொறுப்பை உங்களிடம் தருகிறேன், தலைவர்." அந்தக் கடைசிச் சொல் முக்கியம். ஒரு வருடம் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரை, "தம்பி" என்று கூப்பிட்டவரை, சபை முன் முதன்முதல் "தலைவர்" என்று அழைப்பவர் பழைய தலைவராக இருக்க வேண்டும். இருவருக்கும் நல்ல உறவு இருந்தாலும் இதையே செய்யச் சொல்வேன். கட்டிப்பிடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கும்பிட்டால் போதும்.

எங்கள் வைபவம் ஜூலை 20ஆம் திகதிதான். அதுவரை தலைவர் யார்?

புதியவர்தான். றோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. வைபவம் பிந்தினாலும் பதவி பிந்தாது. ஆகவே 20ஆம் திகதி மேடையில் "இன்றிலிருந்து இவர் தலைவர்" என்று சொல்வது பிழை. "இந்த ஆண்டின் தலைவர்" என்று சொல்லுங்கள். ஜூனிலேயே வைபவத்தை வைத்தால் நிலைமை மறுபக்கம்: உறுதிமொழி எடுத்தாலும் 30ஆம் திகதி வரை பழையவரே பொறுப்பு.

ஜூலை முதல் வாரத்தில் நாள் குறிக்கிறவர்கள் மடு மாதாவை மறக்க வேண்டாம். 2ஆம் திகதி மடுத் திருவிழா. மன்னார், வவுனியாப் பக்கத்துக் கத்தோலிக்க அங்கத்தவர்கள் குடும்பத்தோடு அங்கே நிற்பார்கள். சிறுபோகம் விதைத்தவர்களையும் கேட்டுப் பாருங்கள், வெட்டு நெருங்கும் காலம். சோளகக் காற்றும் அந்த நேரம்தான் பலமாக வீசும். குத்துவிளக்கைக் கதவுக்கு நேரே வைத்துவிட்டு, ஐந்து விருந்தினர் மாறி மாறித் தீக்குச்சி கொளுத்தும் காட்சியை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன்.

மாவட்ட ஆளுநர் தமிழ் தெரியாதவர். அறிமுகத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டுமா?

வேண்டாம். கதை உடைந்துபோகும், நேரமும் இரட்டிப்பாகும். அறிமுகத்தை அவருக்கு விளங்கும் மொழியில் அரைப் பக்கத்துக்கு எழுதி, அச்செடுத்து, அவர் கதிரையில் வைத்துவிடுங்கள். அவர் வாசித்துக்கொண்டே கேட்பார், சரியான இடத்தில் கையும் தட்டுவார்.

ஒலிவாங்கியில் "ஆளுநர் வருகிறார்" என்று மட்டும் அறிவிக்காதீர்கள். பின்வரிசையில் இருக்கிற ஊர்ச்சனம் வட மாகாண ஆளுநர் என்று நினைத்து, காணிக் கடிதத்தோடு முன்னுக்கு வந்த சம்பவம் உண்டு. "லயன்ஸ் மாவட்ட ஆளுநர்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பொன்னாடை, மாலை போட வருகிறவர்களை எங்கே வைப்பது?

ஏற்புரைக்குப் பிறகு. சங்கிலி போட்டவுடன் வரிசை விட்டால் 20 நிமிடம் போய்விடும், மாலைக்குக் கீழே சங்கிலியே தெரியாது. அமைப்புகளின் பெயரைச் சேர்த்து வாசித்து, மூன்று மூன்று பேராக அழைத்தால் சுருக்கமாக முடியும்.

ஒத்திகை தேவையா?

பேச்சுக்குத் தேவையில்லை, நடைக்குத் தேவை. முதல்நாள் மாலை இருவரையும் மண்டபத்துக்கு அழைத்து, சங்கிலி கழற்றுவது, அணிவிப்பது, கதிரை மாறுவது மட்டும் இரண்டு தடவை செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும். வரும்போது மணியையும் சுத்தியலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவை போன வருடத் தலைவர் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும். வைபவத்தன்று காலை அந்த அலுமாரித் திறப்பு கொழும்புக்குப் போன மகனின் பையில் இருக்கக் கூடும். ஒருமுறை நாங்கள் பக்கத்துப் பாடசாலையில் மணி இரவல் வாங்கியது அப்படித்தான்.